அந்த முப்பது ரூபா ஜெராக்ஸ் தாளைத் தூக்கிப் போடுங்க

கொஞ்சம் கோபமாத்தான் எழுதறேன். நீளமான இழை. வீட்ல பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தா கடைசி வரை படிச்சிடுங்க.

சர்க்கரை செக்கப்புக்கு வந்த ஒருத்தர் மகளையும் கூட்டிட்டு வந்திருந்தார். பத்தாம் வகுப்பு. பாப்பா வரிசையில உட்கார்ந்து ஒரு தாளை முணுமுணுத்துப் படிச்சிட்டு இருந்துச்சு. அப்பா பெருமையா நீட்டினார். "டாக்டர், மொத்தப் பாடமும் ஒரே பக்கத்துல இருக்கு. முப்பது ரூபாதான்."

வாங்கிப் பார்த்தேன். 'தாவரங்களின் கடத்துதல் மற்றும் விலங்குகளின் சுற்றோட்டம்' பாடம். எறும்பு சைஸ் எழுத்துல நாற்பது வரையறை. ஓரத்துல தபால் தலை அளவுக்கு ஒரு இதயப் படம், ஜெராக்ஸ் மேல ஜெராக்ஸ் எடுத்து மை அப்பிப் போயிருந்தது.

"தமனின்னா என்னம்மா?"

"ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தைக் கடத்தும்."

"நுரையீரல் தமனி?"

"ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைக் கடத்தும்."

ரெண்டும் தாள்ல இருக்கற மாதிரியே சொல்லிடுச்சு. ஒண்ணுக்கொண்ணு இடிக்குதேன்னு கேட்டேன். பாப்பா முழிச்சது. அப்பாவும் முழிச்சார்.

இடிக்கத்தான் செய்யும். முதல் வரியில 'நுரையீரல் தமனி தவிர' என்று ஒரு சொற்றொடர் வரணும். இடம் பத்தலைன்னு தாள் தயாரிச்சவர் வெட்டிட்டார். தமனிக்கு உண்மையான அடையாளம் ஆக்சிஜனே இல்ல, திசை. இதயத்திலிருந்து வெளியே போறது தமனி, இதயத்துக்கு உள்ளே வர்றது சிரை. இந்த ஒரு வரி தெரிஞ்சா விதிவிலக்கே தேவைப்படாது. அந்த வரியும் தாள்ல இல்ல.

இதுதான் என் சண்டை. பாடத்தைச் சுருக்கறதுன்னா எழுத்தைச் சிறுசாக்கறது இல்ல. எதை எழுதாம விடலாம்னு முடிவு பண்றது. அந்த முடிவை எடுக்கும்போதுதான் மூளை வேலை செய்யுது. அதைக் கடைக்காரர் எடுத்தாலும் டியூஷன் சார் எடுத்தாலும், ராத்திரி பதினோரு மணிக்குக் கண்ணு எரிய உட்கார்ந்து அம்மா எடுத்தாலும், பிள்ளைக்கு மிஞ்சறது மனப்பாடம் மட்டும்தான். (ஆமா, பிள்ளைக்கு நோட்ஸ் எழுதித் தர்ற அம்மா அப்பாக்களையும் சேர்த்துத்தான் திட்டறேன்.)

சரி, எப்படிச் செய்யணும்? இதே பாடத்தை வச்சே சொல்றேன்.

இதயம் வர்ற பகுதியை ஒரு தடவை நிதானமா படிக்கச் சொல்லுங்க. அப்புறம் புத்தகத்தை மூடணும். இது கட்டாயம். திறந்து வச்சா கை காப்பி அடிக்கும், மூளை தூங்கும்.

வெள்ளைத் தாள் நடுவுல ஒரு சதுரம். அழகான இதய வடிவமெல்லாம் வேண்டாம். நாலு அறையாப் பிரிக்கணும். நமக்கு இடப்பக்கம் தெரியற அறைகள்ல 'வலது' என்று எழுதணும். பாதிப் பிள்ளைங்க மார்க் விடறது இங்கதான். படம் நம்மைப் பார்த்து நிக்கற ஆளோட இதயம். சந்தேகம் வந்தா தாளை நெஞ்சில ஒட்டி வெளிப்பக்கம் பார்த்த மாதிரி வச்சுப் பாருங்க, சரியாயிடும். நாங்க எக்ஸ்ரே பார்க்கறதும் இதே கணக்குலதான்.

இப்ப பேனாவை எடுக்காம ஒரே கோடு. உடம்பிலிருந்து பெருஞ்சிரை வழியா வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வு தாண்டி வலது வெண்ட்ரிக்கிள், அங்கிருந்து நுரையீரல் தமனி, நுரையீரல். திரும்பி நுரையீரல் சிரை வழியா இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி, மறுபடி உடம்பு. கோடு இதயத்துக்குள்ள ரெண்டு தடவை நுழைஞ்சிருக்கும். இரட்டைச் சுற்றோட்டம்னா அவ்வளவுதான். அதுக்குத் தனியா வரையறை எழுத வேண்டாம், ரெண்டு நுழைவையும் வட்டம் போட்டாப் போதும்.

மத்த சொற்களை இந்தப் படத்து மேலேயே தொங்க விடணும். ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவுல இருக்கற ரெண்டு வால்வு பக்கத்துல 'லப்'. தமனிகள் கிளம்பற இடத்துல இருக்கற அரைச்சந்திர வால்வுகள் பக்கத்துல 'டப்'. ரெண்டுமே வால்வு மூடற சத்தம். இடது வெண்ட்ரிக்கிள் சுவரை மட்டும் தடியா வரையணும். வலது பக்கம் பக்கத்துல இருக்கற நுரையீரலுக்குத் தள்ளினாப் போதும், இடது பக்கம் கால் கட்டைவிரல் வரைக்கும் தள்ளணும். பெருந்தமனி மேல 120/80. வலது ஆரிக்கிள் மூலையில ஒரு புள்ளி, சைனோ ஏட்ரியல் கணு, பக்கத்துல 0.8 நொடி. நிமிஷத்துக்கு எத்தனை துடிப்புன்னு எழுதவே வேண்டாம். 60-ஐ 0.8-ஆல வகுத்தா 75 வருது.

இரத்த வகைக்கும் இதே கஞ்சத்தனம்தான். கடைத்தாள்ல ஆன்டிஜென், ஆன்டிபாடி, யார் யாருக்குக் கொடுக்கலாம்னு பெரிய அட்டவணை. ஒரு வரி போதும்: பெயர்ல இருக்கறது ஆன்டிஜென், இல்லாததுக்கு ஆன்டிபாடி. ஏ வகையில ஏ ஆன்டிஜென், அப்போ பி-க்கு எதிரான ஆன்டிபாடி. ஓ-வில் ஆன்டிஜெனே இல்ல, அதனால ரெண்டு ஆன்டிபாடியும் உண்டு. ஓ ஏன் எல்லாருக்கும் கொடுக்குது, ஏபி ஏன் எல்லார்கிட்டயும் வாங்குதுன்னு பிள்ளையே கண்டுபிடிச்சிடும்.

தாவரப் பகுதிக்குத் தாளோட இடது ஓரம் போதும். ஒரு செடி. வேர்த்தூவியிலிருந்து இலை வரைக்கும் சைலத்துல நீர் மேல ஏறும் அம்பு. இலையிலிருந்து உணவு தேவைப்படற இடத்துக்கெல்லாம் ஃபுளோயத்துல போற அம்பு.

இப்ப முக்கியமான வேலை. இந்தத் தாளை ஒளிச்சு வைங்க. மறுநாள் வேற வெள்ளைத் தாள்ல முதல்லேர்ந்து வரையச் சொல்லுங்க. விட்டுப் போனதையும் மாத்தி எழுதினதையும் புத்தகம் பார்த்துச் சிவப்புப் பேனாவால திருத்தணும். அந்தச் சிவப்புதான் உங்க பிள்ளைக்கு வேண்டிய நோட்ஸ். அது எந்தக் கடையிலயும் கிடைக்காது, ஏன்னா பிள்ளைக்குப் பிள்ளை மாறும்.

இது என் சொந்தக் கற்பனை இல்ல. 2006-ல் ரோடிகர், கார்பிக்கே என்ற ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. திரும்பத் திரும்பப் படிச்ச மாணவர்கள் அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச தேர்வுல முந்தினாங்க. ஒரு வாரம் கழிச்சு, படிச்சதைப் பார்க்காம எழுதிப் பழகினவங்கதான் முந்தினாங்க. ஜெராக்ஸ் தாள் ஏன் முதல் நாள் ராத்திரி நல்லா வேலை செய்யற மாதிரி தோணுதுன்னு இப்ப புரியுதா?

"டாக்டர், டைம் எங்க இருக்கு?"ன்னு கமெண்ட் வரும். முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆகலாம், அடுத்த தடவை அதுல பாதி கூட ஆகாது. நாற்பது வரையறையை உருப்போட எவ்வளவு ஆகுதுன்னு கடிகாரம் வச்சுப் பாருங்க. ஆனா ரெண்டு விஷயம் ஒத்துக்கறேன். பாடமே புரியாத பிள்ளைக்கு இது உதவாது, முதல்ல யாராவது சொல்லிக் கொடுக்கணும். நெடுவினாவுக்கும் இந்தத் தாள் மட்டும் போதாது, முழு வாக்கியமா எழுதித் தனியாப் பழகணும்.

நானும் யோக்கியன் இல்ல. எம்பிபிஎஸ் முதல் வருஷம் சீனியர் நோட்ஸை நம்பி அனாடமி வைவாவுக்குப் போனேன். கையில இதயத்தைக் கொடுத்து இடது வெண்ட்ரிக்கிள் எதுன்னு கேட்டாங்க. வலதைக் காட்டினேன். சுவரை அமுக்கிப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்.

அந்தப் பாப்பா ரெண்டு வாரம் கழிச்சு அப்பாவோட ரிப்போர்ட் ஃபைலுக்குள்ள வச்சு மூணாவது தாளைக் கொண்டு வந்துச்சு. மூவிதழ் வால்வு இன்னும் இடது பக்கம்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள தாளை நெஞ்சில வச்சுப் பார்த்துட்டு, என் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துக்கிச்சு.