நான்கு கைகளிலும் ஆயுதம் இல்லை

2025 ஜூன் மாதம் உலகச் சுற்றுச்சூழல் நாள் விழாவைக் கேரள ஆளுநர் மாளிகையில் நடத்த ஏற்பாடாகியிருந்தது. அங்கே காவிக் கொடி ஏந்திய பாரத மாதா படம் வைக்கப்பட்டிருப்பதை அறிந்த வேளாண் அமைச்சர் தோழர் பி. பிரசாத், அரசு விழாவில் அப்படத்திற்கு இடமில்லை என்று கூறி விழாவைத் தலைமைச் செயலகத்திற்கு மாற்றினார். நாட்டின் அன்னையையே இடதுசாரிகள் அவமதித்துவிட்டதாகக் கூக்குரல் எழுந்தது. கூக்குரலிட்டவர்கள் 1905இல் அவனீந்திரநாத் தாகூர் வரைந்த பாரத மாதாவை ஒருமுறையேனும் உற்று நோக்கியிருப்பார்களா என்பது என் ஐயம்.

அது சிறிய நீர்வண்ணப் படம். இளங்காவி உடுத்த ஒரு பெண் நிற்கிறாள். தலையைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம், காலடியில் தாமரைகள். சிங்கம் இல்லை, கொடி இல்லை, நாட்டின் வரைபடமும் இல்லை. நான்கு கைகளில் ஒன்றில் நெற்கதிர், ஒன்றில் வெண்துணி, ஒன்றில் ஏட்டுச்சுவடி, ஒன்றில் செபமாலை. உணவு, உடை, கல்வி, தீட்சை என்று அவற்றைப் பொருள் கொள்வர். கல்வியைக் குறிக்கும் வங்கச் சொல் ‘சிக்ஷா’. பல ஆண்டுகளுக்கு முன் இப்படத்தைப் பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்த்தபோது அதைச் ‘சிட்சை’ என்றே நான் எழுதிவிட்டேன். தமிழில் அது தண்டனை. மெய்ப்புப் பார்த்த முதிய தோழர், “அன்னை நம்மை அடிக்கவா வருகிறாள்?” என்று கேட்டுத் திருத்தினார். இன்றைய படங்களைப் பார்க்கையில் என் பிழைதான் வென்றதோ என்று தோன்றுகிறது.

இப்படம் பிறந்த இடத்தை அறிந்தால்தான் அதன் பெருமையும் குறையும் விளங்கும். பிரிட்டிஷ் அரசு நடத்திய கலைப் பள்ளிகளில் மாணவன் கிரேக்கச் சிலைகளின் சுண்ணச் சாந்து வார்ப்புகளைப் பார்த்து வரைய வேண்டும். ஒரு திசையிலிருந்து விழும் ஒளி, அதற்கேற்ற நிழல், தொலைவுக் கணக்கு, தசையின் திரட்சி ஆகியவற்றில் தேர்ந்தவனே ஓவியன். இதைக் கல்விக்கூட யதார்த்தவாதம் என்கிறோம். இந்தியர்களுக்குக் கைவினை உண்டு, கலை இல்லை என்ற ஆட்சியாளரின் தீர்ப்பு இப்பாடத்திட்டத்திற்குள்ளேயே பொதிந்திருந்தது. சென்னைக் கலைப் பள்ளியில் பணியாற்றிவிட்டு 1896இல் கல்கத்தாப் பள்ளியின் முதல்வரான ஈ. பி. ஹேவல் இதை மாற்ற முனைந்தார். கலைக்கூடத்திலிருந்த ஐரோப்பிய ஓவியங்களை அகற்றி முகலாய ஓவியங்களை வாங்கினார். எதிர்த்தவர்கள் யார்? இந்திய மாணவர்களும் தேசியப் பத்திரிகைகளுமே! உயர்ந்த மேலைக் கலையை நமக்கு மறுக்கும் சூழ்ச்சி இது என்று அவர்கள் எண்ணினர். அந்த ஐயத்தை முற்றிலும் மடமை என்று நான் ஒதுக்க மாட்டேன். பழங்காலப் பெருமையை உனக்கு விட்டுவிட்டு நிகழ்காலத்தைத் தன் கையில் வைத்துக்கொள்வது ஏகாதிபத்தியம் அறிந்த உத்திதான்.

அவனீந்திரர் ஹேவலின் துணையோடு முகலாயச் சிற்றோவியங்களைப் பயின்றார். ஆயினும் பாரத மாதாவின் மென்பனி போன்ற தோற்றம் முகலாயரிடமிருந்து வந்ததன்று. 1903இல் கல்கத்தாவுக்கு வந்த யோக்கோயாமா தாய்க்கான், ஹிஷிதா ஷுன்சோ என்னும் ஜப்பானிய ஓவியர்களிடமிருந்து வந்தது. தாய்க்கான் அகன்ற தூரிகையால் படத்தை நீரில் நனைத்து நனைத்து வரைவதை அவனீந்திரர் கவனித்தார். அவரோ வரைந்த தாளையே முழுமையாக நீரில் அமிழ்த்தினார். நாரில் பற்றிய வண்ணம் தங்கும். மிகை வண்ணம் கரைந்து வெளியேறும். காய்ந்தபின் மேலும் ஒரு மெல்லிய பூச்சு, மீண்டும் நீர். இப்படிப் பலமுறை செய்தபின் கண், விரல், ஆடை விளிம்பு ஆகியவற்றை நுண்கோட்டால் மீட்டெடுப்பார். ஒளி எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது, நிழலும் விழாது, பின்புலம் எந்த ஊரும் அன்று. கல்விக்கூடம் கட்டாயமாக்கிய ஒவ்வொன்றும் நீரில் கரைந்து போயிற்று.

ஆக, ‘சுதேசி’ என்று புகழப்பட்ட பாணியில் ஆங்கிலேய ஆசிரியரின் தூண்டுதலும் ஜப்பானிய நுட்பமும் கலந்திருந்தன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கலப்பற்ற தூய மரபு என்று ஒன்று இருந்ததில்லை. அப்படத்தைச் சுதேசியாக்கியது பாணி அன்று, கைகளில் இருந்த பொருள்கள். துணியும் கல்வியுமே 1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த மக்களின் கோரிக்கைகள்: அந்நியத் துணியைப் புறக்கணிப்பது, தேசியக் கல்விக்கூடங்களை அமைப்பது. ஜப்பானிய ஓவியர் ஒருவர் பெரிதாக்கித் தந்த அப்படம் கொடியாகி ஊர்வலங்களிலும் சென்றது. ஒளிவட்டமும் தாமரையும் இந்துச் சமயக் குறிகள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வங்காள உழவருள் பெரும்பகுதியினர் முஸ்லிம்கள். அவர்கள் விளைவித்த நெற்கதிர் அன்னையின் கையில் இருந்தது. அவர்கள் அப்படத்தில் இல்லை.

பாணியின் கேடு சீடர்களின் காலத்தில் வெளிப்பட்டது. நீரில் அமிழ்த்துவதை வாய்பாடாகக் கொண்டவர்களின் படங்களில் வண்ணம் கலங்கிச் சேற்றுநிறமாயிற்று. மெலிந்த விரல்களும் பாதி மூடிய கண்களும் யாரை வரைந்தாலும் ஒன்றாகவே வந்தன. புராண நாயகி, முகலாய மன்னர், நிலவொளி என்றே பொருள்கள் சுழன்றன. 1907இல் தோன்றிய கீழைக்கலைச் சங்கத்தின் தொடக்க உறுப்பினருள் பெரும்பான்மையோர் ஐரோப்பியர்கள். பிற்பாடு வங்காள ஆளுநர்களே அதன் புரவலர்கள் ஆயினர். அரியணைக்கு இடைஞ்சல் செய்யாத சுதேசியாக அது மாறியதற்கு வேறு சான்று வேண்டுமா?

அவனீந்திரரின் தலைசிறந்த மாணவர் நந்தலால் போஸ் அந்தப் பனியை விட்டு வெளியே வந்தவர். 1938இல் குஜராத்தின் ஹரிபுராவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டிற்காகக் காந்தியடிகளின் வேண்டுகோளை ஏற்று எண்பதுக்கும் மேற்பட்ட சுவரொட்டி ஓவியங்களைத் தீட்டினார். மண் நிறங்கள், கையால் செய்த தாள், கிராமத்துப் பட ஓவியர்களான பட்டுவாக்களின் தடித்த விரைவுக் கோடு. மேளம் அடிப்பவர், தச்சர், நெல் குத்தும் பெண்கள் என்று உழைப்போரே அவற்றின் நாயகர்கள். மாநாட்டிற்கு நடந்துவந்த உழவர்கள் நின்று பார்க்கும்படி வாயில்களிலும் பந்தல்களின் வெளிப்புறத்திலும் அவை வைக்கப்பட்டன. என் மதிப்பில், தேசியக் கலை இயக்கம் தொட்ட உச்சம் அதுவே. எனினும் அங்கும் உழைப்பாளி எப்போதும் நலமாகவே இருக்கிறார். களைப்போ கடனோ அந்த இனிய கோட்டிற்குள் வருவதில்லை.

ஐந்தாண்டுகளில் வங்கத்தைப் பஞ்சம் விழுங்கியது. பல லட்சம் பேர் மடிந்தனர். நீர்ப்பூச்சின் மென்மையில் பசியை எப்படி வரைவது? விலா எலும்பைக் காட்ட வேண்டுமானால் அதை எண்ணிப் பார்க்க வேண்டும்; ஒரு காலத்தில் அந்நியம் என்று ஒதுக்கிய கூர்நோக்கு மீண்டும் தேவைப்பட்டது. கம்யூனிஸ்ட் கட்சியின் ஓவியரான தோழர் சித்தபிரசாத் 1943 நவம்பரில் மிதுனாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்தார். கல்விக்கூடச் சான்றிதழ் அவரிடம் இல்லை. கறுப்பு மையும் தாளும் இருந்தன. கண்டவர்களின் பெயரையும் ஊரையும் படத்தோடு குறித்துக்கொண்டார். ஒளிவட்டம் இல்லாத, முகவரி உள்ள மனிதர்கள். அவை ‘பசித்த வங்கம்’ என்னும் நூலாக வெளிவந்தன. பிரிட்டிஷ் அரசு பிரதிகளைக் கைப்பற்றி அழித்தது. ஓவியரின் குடும்பம் காத்து வைத்த ஒரு பிரதியிலிருந்தே அந்நூல் பிற்காலத்தில் மறுபதிப்புக் கண்டது. அவனீந்திரரின் அன்னை இன்று கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் இருக்கிறாள்.