கஃபே போடலாம் மச்சி, முதல்ல எழுதிக்கலாம்

ஃபைனல் இயர் வந்துவிட்டால் நம்ம கேங்கில் ஒருத்தனாவது கஃபே கனவோடு சுற்றுவான். காலேஜ் ரோட்டில் ஒரு சின்ன இடம், நல்ல காபி, நாலு வகை சாண்ட்விச், இன்ஸ்டாவில் ஒரு பேஜ், கூட ஒரு நண்பன். "நமக்குள்ள எதுக்குடா அக்ரிமென்ட், ஃபிஃப்டி ஃபிஃப்டி, முடிஞ்சது" என்று கேண்டீன்லயே பேசி முடித்துவிடுவார்கள்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் எழுதாவிட்டாலும் உங்களுக்குள் ஒரு அக்ரிமென்ட் இருக்கத்தான் செய்யும். லாபத்தைப் பகிர்ந்துகொள்வதாகப் பேசி ரெண்டு பேர் சேர்ந்து ஒரு தொழிலை நடத்தினாலே, 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் உங்களைப் பார்ட்னர்கள் என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் பேசி முடிவு செய்யாத இடங்களை அந்தச் சட்டமே நிரப்பிவிடும். ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட் கொடுக்கலைன்னா டிஃபால்ட் வேல்யூ எடுத்துக்குமே, அதே கதைதான்.

அந்த டிஃபால்ட் என்ன சொல்கிறது? லாபமும் நஷ்டமும் சரிபாதி, யார் எவ்வளவு பணம் போட்டிருந்தாலும். கடையில் நின்று உழைப்பதற்காக எந்தப் பார்ட்னருக்கும் சம்பளம் கிடையாது. பேசிய முதலுக்கு மேல் கைக்காசு போட்டால் வருஷத்துக்கு 6 சதவீத வட்டி. ரெண்டு பேருக்குப் பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ரெண்டு பேரும் ஒரே அளவு பணம் போட்டு, ஒரே அளவு நேரம் கடையில் நின்றால் நியாயம்தான். அப்படி ஒரு கஃபேயை நான் பார்த்ததில்லை.

நம்ம பசங்க கஃபே எப்படி ஆரம்பிக்கும்னு யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு கேம்பஸில் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டீர்கள். நண்பனுக்கு வேலையில் இஷ்டமில்லை, கடையில் நிற்கத் தயார். மொத்தம் 12 லட்சம் தேவை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பக்கம் 9 லட்சம், அவன் பக்கம் 3 லட்சம். காலையில் பால் வாங்குவதிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்குவது வரை அவன். நீங்கள் வாரக் கடைசியில் வந்து கணக்குப் பார்ப்பீர்கள்.

கடை ஓரளவு ஓடுகிறது. மாசம் 3,60,000 வியாபாரம். பால், காபித்தூள், பிரெட் எல்லாம் சேர்த்து 1,20,000. ஆட்கள் சம்பளம் 90,000, வாடகை 40,000, கரண்ட், கேஸ், டெலிவரி ஆப் கமிஷன் மாதிரி மற்றதெல்லாம் 40,000. மிச்சம் 70,000. டிஃபால்ட்படி ஆளுக்கு 35,000.

முதல் ரெண்டு மாசம் சந்தோஷமா இருக்கும். அப்புறம் அவன் மனசில் ஒரு கேள்வி வரும்: "நான் நாள் முழுக்க நின்னதுக்கும் 35, அவன் சென்னையில உக்காந்திருந்ததுக்கும் 35-ஆ?" அதே சமயம் உங்கள் மனசிலும் ஒன்று ஓடும்: "9 லட்சம் என்னோடது, அவன் போட்டது 3 தானே?" ரெண்டுமே நியாயமான கேள்வி. யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள் என்பதுதான் ஆபத்து. வாட்ஸப் ரிப்ளை லேட்டாகும், கணக்கு நோட்டு சரியாக வராது, யாரோ மூணாவது ஆள் மூலமாக விஷயம் வெளியே வரும்.

இதைத் தீர்க்க பெர்சன்டேஜை 60-40, 55-45 என்று உருட்டுகிறார்கள். என் கருத்தில் அது வேலைக்கு ஆகாது. பணம் ஒரு விஷயம், உழைப்பு வேறு விஷயம், ரிஸ்க் மூணாவது. மூணையும் ஒரே எண்ணுக்குள் அடைத்தால் எந்த விலை எதற்கு என்று யாருக்கும் புரியாது. தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள்.

முதலில் உழைப்பு. இதே வேலைக்கு ஒரு மேனேஜரை வைத்தால் என்ன கொடுப்போம்? 25,000 என்றால் அது நண்பனுக்குச் சம்பளம். அடுத்து பணம். போட்ட முதலுக்கு வருஷம் 8 சதவீதம் என்று வைத்தால் உங்களுக்கு மாசம் 6,000, அவனுக்கு 2,000. இந்த 33,000 போக மீதி 37,000 தான் உண்மையான லாபம். அதைச் சரிபாதி பிரித்தால் ஆளுக்கு 18,500. ஆக அவன் கைக்கு 45,500, உங்கள் கைக்கு 24,500. இப்போது யாருக்கு எது எதற்காக வந்தது என்பது தெளிவு. நாளைக்கு நீங்களும் வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தால் பெர்சன்டேஜைத் தொடவே வேண்டாம், சம்பள வரியை மட்டும் மாற்றினால் போதும்.

சம்பளமும் வட்டியும் பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் வருமான வரியில் அதைக் கடையின் செலவாகக் காட்ட முடியும். அதற்கு உச்சவரம்பு உண்டு, ஆடிட்டர் சொல்வார்.

எல்லாம் லாபம் வந்தால் சரி. வராத மாசம்? கடை புதுசு, செமஸ்டர் லீவு வேற, வியாபாரம் செலவுக்கே இழுத்துக்கோ பிடிச்சுக்கோ என்று இருக்கும். அந்த மாசம் நண்பனுடைய 25,000 என்ன ஆகும்? முதலிலிருந்து எடுத்துக் கொடுப்பதா, கடனாக எழுதி வைத்து லாபம் வந்ததும் தீர்ப்பதா, விட்டுவிடுவதா? பலர் "சம்பளம் உண்டு" என்று மட்டும் எழுதிவிட்டு இதை எழுத மறந்துவிடுவார்கள். அவனுக்கு வேறு வருமானம் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். குறைந்தபட்சம் ஒரு பாதியாவது கையில் கொடுத்து, மீதியைக் கடனாக எழுதுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

நஷ்டம் பற்றிய டிஃபால்ட்தான் எல்லாவற்றிலும் மோசமானது. ரெண்டு வருஷம் இழுத்துப் பார்த்து, எதுவும் எழுதாமலேயே கடையை மூடுகிறீர்கள் என்று வைப்போம். வெளிக்கடன் எல்லாம் அடைத்தாயிற்று. வாடகை அட்வான்ஸைத் திரும்ப வாங்கி, மெஷின், ஃப்ரிட்ஜ், டேபிள் எல்லாம் வந்த விலைக்கு விற்றதில் கையில் 4 லட்சம். போட்டது 12, நஷ்டம் 8 லட்சம். சட்டப்படி நஷ்டம் சரிபாதி, ஆளுக்கு 4. நீங்கள் போட்ட 9-ல் 4 போனால் உங்களுக்கு 5 லட்சம் வர வேண்டும். நண்பன் போட்டதே 3, அதில் 4 போனால் அவன் 1 லட்சம் பாக்கி. அதாவது கையிலிருக்கும் 4 லட்சம் முழுக்க உங்களுக்கு, போதாததற்கு அவன் இன்னும் 1 லட்சம் உங்களுக்குத் தர வேண்டும். ரெண்டு வருஷம் சம்பளம் இல்லாமல் கடையில் நின்றவன்!

"நஷ்டம் முதல் விகிதத்தில்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், 8 லட்சத்தில் உங்களுக்கு 6, அவனுக்கு 2. மிச்சமிருக்கும் 4 லட்சத்தில் உங்களுக்கு 3, அவனுக்கு 1. லாபத்துக்கு ஒரு விகிதம், நஷ்டத்துக்கு வேறு விகிதம் என்று எழுதத் தடையில்லை. இதைப் பேச ஆரம்பிச்சாலே "ஆரம்பிக்கும்போதே அபசகுனமா பேசுறியே"ன்னு ஒரு குரல் வரும். கண்டுக்காதீங்க.

கூடவே ஒரு நிறுத்தக் கோடும் வேண்டும். "முதல் தீர்ந்தபின் ஆளுக்கு 1 லட்சம் வரை போடலாம், அதுவும் தீர்ந்தால் மூடிவிடுவோம்" என்கிற மாதிரி. இது இல்லாத இடத்தில் நடப்பது என்னவென்றால், சம்பளம் வாங்குகிற பார்ட்னர் மாசாமாசம் 20, 30 ஆயிரம் ஜிபே பண்ணிக்கொண்டே இருப்பார். அது கடனா, கூடுதல் முதலா, நட்புக்குச் செய்த உதவியா என்று ஒரு வருஷம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று, வெளியாட்களிடம் இந்த விகிதமெல்லாம் செல்லாது. பால்காரருக்கு 60,000 பாக்கி என்றால் அவர் முழுத் தொகையையும் உங்கள் ஒருத்தரிடமே கேட்கலாம். நீங்கள் கொடுத்துவிட்டு நண்பனிடம் அவன் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் 15,000-க்கு மேல் கடன் சொல்லி வாங்குவதானால் ரெண்டு பேர் சம்மதமும் வேண்டும் என்று எழுதலாம். அதற்குக் கீழே என்றால் கடையில் நிற்பவன் சொல்வதே முடிவு. ரெண்டே பேர் இருக்கிற இடத்தில் மெஜாரிட்டி என்பதே கிடையாது, அதனால் மெனு யார் முடிவு, ஆள் எடுப்பது யார் முடிவு என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

இப்போது பிரிவது. எவ்வளவு காலத்துக்குப் பார்ட்னர்ஷிப், எப்படி முடியும் என்று எதுவும் எழுதாவிட்டால், ஒருத்தர் எழுத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்தாலே கூட்டு கலைந்துவிடும். உங்களுக்கு ஆன்சைட் கிடைக்கலாம், அவனுக்குக் கல்யாணம் ஆகலாம், காரணம் எதுவாகவும் இருக்கலாம். எழுத வேண்டியது: எத்தனை மாச நோட்டீஸ், கடையை யார் எடுத்துக்கொள்வது, என்ன விலைக்கு, எத்தனை தவணையில்.

விலைதான் சிக்கல். நீங்கள் இன்டீரியருக்குப் போட்ட 3 லட்சத்தை நினைப்பீர்கள், அவன் அந்தச் சுவர் பெயின்டை எவன் வாங்குவான் என்பான். எனவே முறையை இப்போதே எழுதுங்கள்: அட்வான்ஸ் முழு மதிப்பு, மெஷின்கள் வருஷத்துக்கு 20 சதவீதம் குறையும், இன்டீரியர் மூணு வருஷத்தில் பூஜ்யம். "ஒருத்தர் விலை சொல்லணும், இன்னொருத்தர் அந்த விலைக்கு வாங்கவோ விற்கவோ செய்யணும்" என்று ஒரு வழியும் சொல்வார்கள். கேட்க அழகு. ஆனால் கையில் பணம் இல்லாத நண்பனால் எந்த விலைக்கும் வாங்க முடியாது, விற்கத்தான் முடியும். நம்ம கேஸுக்கு அது சரிப்படாது. கடையில் நிற்பவனுக்கு முதல் வாய்ப்பு, பணம் கட்ட 18 மாசம் என்று கொடுப்பதுதான் சரி என்பேன்.

வாடகை ஒப்பந்தம், கடைப் பெயர், இன்ஸ்டா பேஜ், டெலிவரி ஆப் அக்கவுன்ட், உணவுப் பாதுகாப்பு உரிமம், கவுன்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு எந்த பேங்க் அக்கவுன்டுக்குப் போகிறது, இதெல்லாம் யார் பெயரில் என்றும் ஒரு பக்கம் எழுதுங்கள். முடிந்தவரை ஃபர்ம் பெயரில் இருக்கட்டும். வாடகை ஒப்பந்தம் ஒருத்தன் பெயரில் மட்டும் இருந்தால் சண்டை வரும் அன்று சாவி அவன் கையில்தான்.

இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பத்திரத்தை அப்படியே பிரின்ட் எடுக்காதீர்கள். பலவற்றில் "பார்ட்னர்கள் தங்கள் முழு நேரத்தையும் தொழிலுக்கே செலவிட வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். சென்னையில் வேலை பார்க்கிற நீங்கள் கையெழுத்துப் போட்ட நிமிஷமே அதை மீறியவர் ஆகிவிடுவீர்கள். உங்கள் ஆஃபர் லெட்டரையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள், வேறு தொழிலில் பங்கு இருக்கக் கூடாது என்று சில கம்பெனிகள் போட்டிருக்கும்.

முத்திரைத்தாளில் எழுதி ரெண்டு சாட்சி போட்டதோடு நிறுத்தாமல், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் ஃபர்மைப் பதிவு செய்துவிடுங்கள். பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவில்லாத ஃபர்ம், பார்ட்டி ஆர்டர் எடுத்துவிட்டுப் பணம் தராத ஆள் மேல் அந்த ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது. பத்திரத்தில் எழுதிய உரிமையை வைத்து நண்பன் மேல் நீங்களும் போட முடியாது, கூட்டைக் கலைக்கவும் கணக்குக் கேட்கவும் மட்டும்தான் கோர்ட்டுக்குப் போகலாம். கடை ஓனருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தின வாரமே பத்திரத்தை முடித்துக்கொள்வது நல்லது, அட்வான்ஸ் போனபிறகு ரெண்டு பேருக்கும் அவசரம் வந்துவிடும்.