"ஓம்" என்ற பிறகு என்ன பேசுவது?

"பிள்ளையிடம் எதைக் கேட்டாலும் ஒரு சொல்தான் பதில்" என்பது பெற்றோரின் முறைப்பாடு. "எப்போதும் விசாரணைதான்" என்பது பிள்ளைகளாகிய எங்களின் முறைப்பாடு. இரு பக்கமும் மற்றவரின் குணத்தையே குறை சொல்கிறோம். குணத்தை விட்டுவிட்டு, நாம் கேட்கும் கேள்வியையும் சொல்லும் பதிலையும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

என் வகுப்புத் தோழி ஒருத்தியின் வாப்பா கட்டாரில் வேலை செய்கிறார். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். அவர் வேலை முடிந்து அறைக்கு வரும் இரவு 7 மணிக்கு இங்கே 9.30 ஆகிவிடும். அந்த நேரத்தில் வட்ஸ்அப்பில் நடக்கும் உரையாடல் இது:

"சாப்பிட்டீங்களா மகள்?"

"ஓம் வாப்பா."

"கிளாஸ் போனீங்களா?"

"ஓம்."

"பாடமெல்லாம் விளங்குதா?"

"ம்."

"சரி மகள், படிங்க."

"ஓகே."

இதில் பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் மூன்று கேள்விகளும் 'ஆ' என்றே முடிகின்றன. தமிழ் இலக்கணத்தில் வினா எழுத்துகளைப் படித்திருக்கிறோம். சொல்லின் இறுதியில் வரும் 'ஆ' ஓம் அல்லது இல்லை என்பதோடு திருப்தியடைந்துவிடும். சொல்லின் முதலில் வரும் 'எ' அப்படியல்ல. எது, என்ன, எப்படி என்று கேட்டால் பதிலுக்கு ஒரு செய்தி தேவைப்படும்.

ஒரு சொல் பதில் ஏன் பேச்சை முடித்துவிடுகிறது? ஷெக்லொஃப், சாக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் உரையாடல்கள் எப்படி முடிகின்றன என்று 1973இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பேச்சை முடிக்க விரும்புபவர் நேரே விடைபெறுவதில்லை. புதிதாக எதையும் சேர்க்காமல், "சரி" என்பது போன்ற ஒரு சொல்லால் தன் முறையை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கிறார். மற்றவரும் அப்படியே விட்டுக்கொடுத்தால் பேச்சு முடிகிறது. அதனால்தான் மகள் களைப்பில் அனுப்பும் "ம்", வாப்பாவுக்கு "போதும் வாப்பா" என்று கேட்கிறது. அவர் கோபப்படவில்லை, மரியாதையோடு விலகிக்கொள்கிறார்.

அதே தோழி இன்னொரு நாள் காட்டிய உரையாடல் இது:

"இண்டைக்கு எந்தப் பாடம் கஷ்டமா இருந்த மகள்?"

"கெமிஸ்ட்ரி வாப்பா. மூல் கணக்கு. ஒண்ட எழுதி முடிக்க முந்தி சேர் அடுத்ததுக்குப் போயிடுவார்."

"அப்ப விளங்காதத என்ன செய்ற?"

"பக்கத்துல ஈக்கிற பிள்ளைட்ட கேக்கிற. நீங்க ராவைக்கு என்ன ஆக்கின?"

"பருப்பு. உப்பு கூடிட்டு. எண்டாலும் நாலு பேரும் சாப்பிட்டோம்."

இங்கே நடந்தவை மூன்று. முதற்கேள்வி சிறியது, ஆனால் திறந்தது. இரண்டாவது கேள்வி மகளின் பதிலிலிருந்தே பிறந்தது. அதனால் வாப்பா உண்மையில் வாசித்தார் என்று அவளுக்குத் தெரிந்தது. மூன்றாவதாக, மகளும் ஒரு கேள்வியைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் கேட்டிராவிட்டால் அந்த அறையின் உப்புக் கறி பற்றி வீட்டில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

'எ'யில் தொடங்கும் கேள்வியெல்லாம் திறந்த கேள்வி அல்ல. "எத்தனை மணிக்கு வந்தீங்க?" என்றால் ஓர் இலக்கம்தான் வரும். "எப்படிப் போகுது?" என்பது மிகப் பெரியது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் "நல்லம்" என்று முடித்துவிடுவோம். "ஏன் புள்ளி குறைஞ்ச?" என்பதும் திறந்த கேள்விதான், ஆனால் அதில் குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பதிலாகக் காரணம் வராது, சாட்டுத்தான் வரும். "எந்த வினாவுக்கு நேரம் போதாமப் போன?" என்று கேட்டால் உண்மை வரும்.

ஒரு சொல் பதில் பொருந்தும் இடமும் உண்டு. "பஸ்ஸில ஏறிட்டீங்களா?" என்று உம்மா கேட்டால் "ஓம்" போதும், அவருக்குத் தேவை நிம்மதி மட்டுமே. படிக்கும் வேளையில் கேள்வி வந்தாலும் "ம்" என்று வெட்டத் தேவையில்லை. "படிச்சிட்டிருக்கன், பத்தரைக்குச் சொல்றன்" என்றால் பேச்சு முடிவதில்லை, தள்ளிவைக்கப்படுகிறது. சொன்னபடி பத்தரைக்குப் பேசவும் வேண்டும்.

எப்படிக் கேட்டாலும் ஒரு சொல்லே வருகிறது என்றால், அன்று மேலும் கேள்வி கேட்பது விசாரணையாகிவிடும். அப்போது கேட்பவரே தன் நாளில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு விடலாம். பதில் மறுநாள் வரக்கூடும்.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது, நாளுக்கு ஒரு கேள்வியாவது 'ஆ'வில் முடியாமல் இருக்கட்டும். என் வயதுப் பிள்ளைகளிடம் கேட்பது, "ஓம்" என்பதற்குப் பின்னால் ஒரு வசனமும் ஒரு கேள்வியும் சேருங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு நம் வீடு அந்த ஒரு வசனத்தின் வழியாகத்தான் தெரிகிறது.