"பாப்போம் சார்" என்றால் என்ன அர்த்தம்?

ஸ்ரீவைகுண்டத்தில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். இங்கே ஒரு நாளைக்கு நான் அதிகம் கேட்கும் வார்த்தை காய்ச்சலும் இல்லை, சுகரும் இல்லை. "பாப்போம் சார்"தான்.

இந்த ஒரு வார்த்தையைத் தப்பாக எழுதி வைத்ததால் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் போனது. எழுதியது நான். அதைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படிங்க.

ஐம்பத்தெட்டு வயது, வாழை விவசாயி. 2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ரயிலே நம்ம ஸ்டேஷனில் நின்றுபோன வெள்ளம். அதில் இவருடைய வாழை முழுக்கப் போனது. கடன் வாங்கி மறுபடி கன்று நட்டு, தார் வெட்டுக்கு வந்திருந்த சமயம். பதினைந்து வருச சுகர். இடது காலில் இரண்டாவது விரல் கறுத்துப்போய் வந்தார். சுகர் 340. பாதத்தில் நாடித் துடிப்பு கைக்கு நன்றாகக் கிடைத்தது. அதாவது ரத்த ஓட்டம் பரவாயில்லை, விரலை மட்டும் எடுத்தால் புண் ஆறிவிடும். நல்ல நேரத்தில்தான் வந்திருந்தார்.

பேச்சு இப்படிப் போனது.

"அண்ணாச்சி, இந்த விரலை எடுத்துரணும். இப்ப எடுத்தா விரலோட போகும்."

"சரிங்க சார்."

"எப்ப போறீங்க பெரிய ஆஸ்பத்திரிக்கு?"

"பாப்போம் சார். வாழை வெட்டு இருக்கு. மவன் வரணும். கேட்டுட்டு சொல்லுதேன்."

"சின்ன ஆபரேஷன்தான், பயப்படாதீங்க."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பக்கத்தில் அவர் மனைவி மட்டும் மெதுவாக, "ஊசி மாத்திரையில கேக்காதா சார்?" என்றார். கேட்காது என்று விளக்கினேன். தலையாட்டினார்கள். போய்விட்டார்கள்.

நான் சர்ஜனுக்குக் கடிதம் எழுதினேன்: "விரலை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு நோயாளி சம்மதித்துள்ளார். அறுவடை முடிந்ததும் மகனுடன் வருவார்." ஒரு காப்பியை அவர் கையில் கொடுத்தேன், ஒன்றை சர்ஜனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

இப்போது அந்த இரண்டு வரியையும் பேச்சையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. சம்மதம் என்று அவர் எங்கே சொன்னார்? "சரிங்க சார்" என்றார். அது "நீங்க பேசுறது காதுல விழுது" என்பதற்கான சரி. அறுவடை முடிந்து வருகிறேன் என்றாரா? வாழை வெட்டு இருக்கு என்றுதான் சொன்னார். முடிந்ததும் என்பது நான் சேர்த்தது. மகனுடன் வருவார் என்பதும் அப்படியே. "மவன் வரணும்" என்ற வாக்கியத்தில் தேதி கிடையாது. மனைவி கேட்ட கேள்வி என் கடிதத்தில் எங்கேயுமே இல்லை. அன்றைக்கு அந்த அறையில் "வேண்டாம்" என்பதற்கு மிகப் பக்கத்தில் வந்த வாக்கியம் அதுதான். நான் பதில் சொல்லிவிட்டதால் அது முடிந்துபோன விசயம் என்று விட்டுவிட்டேன்.

சர்ஜன் தரப்பில் யாரும் அவருக்கு போன் பண்ணவில்லை. சம்மதித்தவர் வரத்தானே செய்வார்? நானும் கேட்கவில்லை. அங்கே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தொன்பது நாள் கழித்துக் காய்ச்சலோடு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பாதம் முழுக்க வீங்கி, கெண்டைக்கால் வரை சிவந்து, அறைக்குள் நுழையும்போதே வாடை. அப்புறம் விரலைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. உயிரைக் காப்பாற்ற முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

வார்டில் பார்க்கப் போனேன். ஆற்றாமையில், "அண்ணாச்சி, வேண்டாம்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "சொன்னேனே சார். பாப்போம்னு சொன்னேன்லா."

அவர் கணக்கில் அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான்தான் கேட்கவில்லை. நம்ம ஊரில் டாக்டர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்பது மரியாதைக் குறைவு. கிளம்பும்போதுகூட போறேன் என்று சொல்லாமல் போயிட்டு வாரேன் என்று சொல்கிற ஆட்கள் நாம். கல்யாணப் பத்திரிகை வைத்தவரிடம் "பாக்கேன் மாப்ள" என்றால் வரமாட்டார் என்று நமக்கே தெரியும், அந்த இலையைக் கணக்கில் சேர்க்க மாட்டோம். சமையல்காரரிடம் சொல்லும்போது சரியாகச் சுருக்கிச் சொல்கிற நாம், ஆஸ்பத்திரிக் காகிதத்தில் மட்டும் கோட்டை விடுகிறோம்.

இன்னொன்றும் அன்றைக்குச் சொன்னார். "எங்க அண்ணனுக்கும் விரல்னுதான் ஆரம்பிச்சாவ சார். பொறவு கால். பொறவு ஆளே இல்ல." ஆக, வாழை வெட்டு காரணமே இல்லை. அது எனக்கு வலிக்காமல் இருக்க அவர் சொன்ன சாக்கு. நான் அந்தச் சாக்கைக் காரணம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அண்ணன் கதையை முதல் நாளே கேட்டிருந்தால், அண்ணனுக்குக் காலில் ரத்த ஓட்டம் எப்படி இருந்தது, இவருக்கு எப்படி இருக்கிறது என்று பேசியிருக்கலாம். பேசியிருந்தாலும் வேண்டாம் என்றே சொல்லியிருக்கலாம், அது அவர் உரிமை. ஆனால் வேண்டாம் என்பது எனக்குத் தெரிந்திருக்கும். தினமும் கட்டு மாற்ற வரச் சொல்லியிருப்பேன், இந்த அறிகுறி வந்தால் ராத்திரியானாலும் ஓடி வாங்க என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தது ஒரு விசயத்தை. உண்மையிலேயே சம்மதித்தவர் "சரி"யோடு நிற்க மாட்டார். அடுத்த கேள்வி வரும். எத்தனை நாள் படுக்கணும், காப்பீட்டு அட்டை செல்லுமா, கூட யார் இருக்கணும், காலையில் காப்பி குடிக்கலாமா? அதெல்லாம் போய்ப் படுக்கப் போகிறவனின் கேள்விகள். "வேற வழி இல்லையா", "மருந்துல கரையாதா" என்பதெல்லாம் போக விரும்பாதவரின் கேள்விகள். கேள்வியே இல்லாமல் மூன்று தடவை சரி சரி சரி என்றால், பேச்சை முடிக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. எல்லா "பாப்போம்"மும் மறுப்புதான் என்று முடிவுகட்டினேன். அடுத்த அடி அங்கே விழுந்தது.

கர்ப்பப்பைக் கட்டியோடு ஒரு அம்மா. ரத்தப்போக்கு அதிகம், ஆனால் அவசரம் இல்லை. "தை பொறக்கட்டும் சார், பாப்போம்" என்றார். நான் பெரிய புத்திசாலி மாதிரி "அறுவை சிகிச்சைக்கு மறுத்துவிட்டார்" என்று எழுதினேன். அந்த அம்மா தை இரண்டாம் தேதி பையும் கையுமாக ஆஸ்பத்திரியில் போய் நின்றார்கள். மகளின் பிரசவம் மார்கழியில், அது முடியட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். அங்கே, "நீங்கதான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டீங்களே" என்று கேட்டு அலைக்கழித்துவிட்டார்கள். அந்த அம்மா சொன்னதில் தேதி இருந்தது, நான் அதைச் சகுனம் என்று நினைத்தேன். மாதத்தின் பெயர் வந்தால் அது சாக்காகவும் இருக்கும், நிஜமான காலக்கெடுவாகவும் இருக்கும். "தையில என்ன மாறும்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

இப்போது நான் சுருக்கம் எழுதும் முறையை மாற்றிவிட்டேன். அவர் சொன்னதை அவர் வாயில் வந்தபடியே மேற்கோளாக எழுதுவேன். அதற்குக் கீழே என் ஊகத்தை, ஊகம் என்றே எழுதுவேன். அன்றைக்கு அந்த விவசாயிக்கு இப்படி எழுதியிருக்க வேண்டும்:

"விரலை அகற்ற ஆலோசனை சொல்லப்பட்டது. நோயாளி: 'பாப்போம், வாழை வெட்டு இருக்கு, மவன் வரணும், கேட்டுட்டு சொல்லுதேன்.' மனைவி: 'ஊசி மாத்திரையில கேக்காதா?' தேதி சொல்லவில்லை. சம்மதம் இன்னும் இல்லை, விருப்பமில்லை என்று தோன்றுகிறது. மூன்றாம் நாள் நான் போனில் கேட்பேன்."

நாலு வரி கூடுதல், அவ்வளவுதான். ஆனால் இதைப் படிக்கிற சர்ஜன் அவர் வருவார் என்று சும்மா இருக்க மாட்டார்.

அப்புறம் "சரியா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன், அதற்குப் பதில் சரி என்றுதான் வரும். "வீட்டுக்குப் போனதும் மவன்ட்ட என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்கிறேன். அப்போது நிஜம் வெளியே வரும். "வேண்டாம்னு தோணினாலும் சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன், வேற என்ன செய்யலாம்னு பேசுவோம்" என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சட்டமும் இதே பக்கம்தான். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தை அறுவை சிகிச்சைக்கான சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றது. நோயாளி மயக்கத்தில் இருந்தபோது அவருடைய அம்மா சொன்ன சரியும் அங்கே செல்லவில்லை. மகன் தலையாட்டினான், மருமகள் தலையாட்டினாள் என்பதை நோயாளியின் சம்மதம் என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கணும்.

இவ்வளவும் டாக்டர் கதை, நமக்கென்ன என்று நினைக்காதீங்க. நாங்களும் உங்களிடம் பாப்போம் என்றுதான் சொல்கிறோம். அதைச் சுருக்கி வீட்டுக்குச் சொல்வது நீங்கள்.

எழுபது வயது ஆச்சி, பெரிய பக்கவாதம், மூளையில் வீக்கம். மூத்த மகனிடம், "வீக்கம் அதிகமா இருக்கு. 48 மணி நேரம் போகட்டும், பாப்போம்" என்றேன். நான் சொல்ல நினைத்தது, பிழைப்பது கஷ்டம். சொல்ல மனசு வரவில்லை. குடும்பக் குரூப்பில் அவர் போட்டது: "48 மணி நேரத்துல சொல்லிருவாங்களாம், பயப்பட வேண்டாம்." ஷார்ஜாவில் இருந்த இளையவர் அன்றைக்கு ராத்திரி டிக்கெட் போடவில்லை. மறுநாள் சாயங்காலம் ஆச்சி போய்விட்டார்கள். வீடியோவில்தான் அம்மாவைப் பார்த்தார்.

மகன் பொய் சொல்லவில்லை. நான் மழுப்பியதை அவர் நல்ல பக்கமாகச் சுருக்கினார். முதல் தப்பு என்னுடையது. ஆனாலும் என்னை மாதிரி மழுப்புகிற டாக்டர் உங்களுக்கும் வாய்ப்பார். அப்போது "பிழைப்பாங்களா" என்று கேட்காதீங்க, அதற்கு மறுபடி பாப்போம்தான் வரும். "வெளியூர்ல தம்பி இருக்கான், இன்னைக்கே கிளம்பச் சொல்லவா சார்?" என்று கேளுங்க. அந்தக் கேள்விக்கு எங்களால் பாப்போம் என்று சொல்ல முடியாது. சொல்லச் சொல்லுங்க என்போம், இல்லை, இரண்டு நாள் பொறுக்கலாம் என்போம். அந்தப் பதிலை, டாக்டர் சொன்ன வார்த்தையிலேயே, குரூப்பில் போடுங்க.

அந்த வாழை விவசாயி இப்போது செயற்கைக் காலோடு வயலுக்குப் போகிறார். மாதம் ஒரு தடவை சுகர் பார்க்க வருவார். போன வாரம் கண் பரிசோதனைக்குப் போகச் சொன்னேன். "பாப்போம் சார்" என்றார். நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவரும் சிரித்துவிட்டார். "சரி, வேண்டாம்னே வச்சுக்கிடுங்க. ஏன்னு கேளுங்க, சொல்லுதேன்" என்றார்.