வந்தாலும் வந்தான், வந்தாலும் வருவான்



"மழை பெய்தாலும் பெய்தது, தெருவில் கால் வைக்க முடியவில்லை." இந்த வாக்கியத்தைத் தமிழ் பேசும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொருள் வாக்கியத்தின் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று கேட்டால் பதில் எளிதாக வராது. மொழியியலில் நெடுநாளாக நடந்துவரும் ஒரு வாதத்தின் நடுவில் அந்தக் கேள்வி நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. இந்த மாதப் பக்கத்தை அதற்கே தருகிறேன்.

வாதத்தின் ஒரு பக்கம் நாம் பள்ளியிலிருந்தே அறிந்தது. மொழிக்கு ஓர் அகராதி உண்டு. அதில் சொற்களும் விகுதிகளும் பொருளோடு இருக்கும். அவற்றைச் சேர்க்கச் சில விதிகள் உண்டு. உறுப்புகளின் பொருளை விதிப்படி கூட்டினால் வாக்கியத்தின் பொருள் கிடைத்துவிடும். கூட்டினால் கிடைக்காத மரபுத்தொடர்களை முழுசாக அகராதியில் எழுதிவைத்துவிடலாம். "கம்பி நீட்டினான்" என்பதற்கு இந்த ஏற்பாடு பொருந்துகிறது. "கம்பியை நீட்டினான்" என்று ஓர் ஐ உருபைச் சேர்த்தாலே ஓடிப்போனவன் மறைந்து, கையில் இரும்புக் கம்பியோடு ஒருவன் நிற்கிறான். ஆகவே அதை இரண்டு துண்டாக எழுதப்படும் ஒரே வினைச்சொல் என்று கொள்வதில் தவறில்லை.

"காதில் பூ சுற்றுவது" அப்படி அடங்குவதில்லை. "முழம் முழமாகப் பூ சுற்றுகிறான்" என்கிறோம். "இவ்வளவு பெரிய பூவைச் சுற்றாதே" என்கிறோம். பூவை அளக்கிறோம், பெரிதாக்குகிறோம், உருபும் சேர்க்கிறோம், பொருள் கலையவில்லை. ஏனென்றால் அங்கே பூ என்ற உறுப்பே பொய்யைச் சுமக்கிறது. பொய் பெரிதானால் பூவும் பெரிதாகிறது. நன்பர்க், சாக், வாசோ என்ற மூவர் 1994இல் எழுதிய கட்டுரை ஆங்கில மரபுத்தொடர்களை இப்படித்தான் இரு வகையாகப் பிரித்துக் காட்டியது. மரபுத்தொடர் என்றாலே முழுக் கல் என்ற எண்ணம் அத்துடன் ஆட்டம் கண்டது.

இனி மழைக்கு வருவோம். "பெய்தால்" நிபந்தனை. அதோடு உம் சேர்ந்தால் "மழை பெய்தாலும் ஆட்டம் நடக்கும்" என்பதில் வரும் பொருள்: தடை இருந்தும் நடப்பது. இந்தக் கணக்கை நம் வாக்கியத்தில் போட்டால், பெய்தபோதிலும் பெய்தது என்று ஒன்றுமில்லாத விடை வருகிறது. நாம் கேட்பதோ வேறு: அந்த மழை பெய்ததிலிருந்து, அளவுக்கு மீறிய ஏதோ ஒன்று தொடர்ந்து நடக்கிறது. பெரும்பாலும் சலிப்பு, சில சமயம் பூரிப்பு. "பேத்தி பிறந்தாலும் பிறந்தாள், வீட்டில் சிரிப்புச் சத்தம் ஓயவில்லை" என்று ஒரு தாத்தா சொன்னால் அதில் சலிப்பு எங்கே இருக்கிறது?

சரி, இதையும் அகராதியில் எழுதிவிடலாமா? எந்த வினையின் கீழ் எழுதுவது? வண்டி வாங்கினாலும் வாங்கினான், வேலை போனாலும் போனது, ஃபோனை அப்டேட் பண்ணினாலும் பண்ணினேன் என்று போய்க்கொண்டே இருக்கிறது. கடைசி வாக்கியத்தை முன்பு கேட்டிராதவருக்கும், அடுத்து பேட்டரியைப் பற்றிய புலம்பல் வரப்போகிறது என்று தெரிந்துவிடும். வினையின் இடம் காலியாக இருக்கிறது. ஆலும் என்பதும், அதே வினை திரும்ப வருவதும், இறந்தகாலமும் நிலையாக இருக்கின்றன. பாதி நிரப்பிய அச்சு என்று இதைச் சொல்லலாம்.

அந்த அச்சுக்குத் தனிச் சட்டங்களும் உண்டு. "கல்யாணம் செய்தாலும் செய்தான்" சரி; கல்யாணத்தையும் சேர்த்துத் திருப்பிச் சொன்னால் சரியில்லை. நடுவில் "நேற்று" என்று ஒரு சொல்லை நுழைத்து "வந்தாலும் நேற்று வந்தான்" என்றால் அச்சு உடைகிறது. "பெய்தாலும் பெய்ததா?" என்று கேட்க முடியாது. "வராவிட்டாலும் வரவில்லை" என்றும் யாரும் சொல்வதில்லை. நம் இலக்கண நூல்களின் அடுக்குத்தொடருக்குள் இதைப் போட்டுவிடவும் வழியில்லை. அங்கே ஒரே வடிவம் அடுக்கி வரும், இங்கே வடிவம் மாறுகிறது.

என்னை மிகவும் ஈர்ப்பது இதன் தங்கை. "வந்தான்" என்பதை "வருவான்" ஆக்குங்கள்: "இருந்து பார், வந்தாலும் வருவான்." ஒருவேளை வரக்கூடும் என்ற ஐயம் வந்துவிட்டது. "வருவான்" என்று தனியே சொன்னால் அது உறுதி. "வந்தாலும்" என்பதில் மட்டும் இந்த ஐயம் இருந்தால், "வந்தாலும் வந்தான்" என்பதிலும் அது கேட்க வேண்டும், கேட்கவில்லை. இரண்டு உறுப்பிலும் இல்லாத பொருள் அவற்றின் சேர்க்கையில் இருக்கிறது. கன்ஸ்ட்ரக்‌ஷன் கிராமர் என்ற கட்டமைப்பு இலக்கணம் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்: சொல்லுக்குப் பொருள் இருப்பதைப் போல அச்சுக்கும் பொருள் உண்டு.

1988இல் சார்ல்ஸ் ஃபில்மோர், பால் கே, மேரி கேத்தரின் ஓ'கானர் மூவரும் ஆங்கிலத்தின் "லெட் அலோன்" என்ற ஒரு தொடரை மட்டும் எடுத்துக்கொண்டு நீண்ட கட்டுரை எழுதினார்கள். "பத்து ரூபாய் இருக்கட்டும், ஐந்து ரூபாய்கூடத் தரமாட்டான்" என்று நாம் சொல்லும் இடத்தில் வருவது அது. கேட்பவர் மனத்தில் ஓர் ஏணி இருக்க வேண்டும், ஐந்தைத் தராதவன் பத்தைத் தரவேமாட்டான் என்று. அந்த ஏணியும் அச்சின் பகுதி என்று காட்டினார்கள். அச்சுகள் வெறும் மேல்தோற்றம், பொதுவிதிகள் கூடியதன் விளைவு மட்டுமே என்று சாம்ஸ்கி வழியினர் சொல்லிவந்த காலம் அது. 1995இல் அடேல் கோல்ட்பர்க் இன்னும் ஒரு படி மேலே போய், சாதாரண வாக்கிய அமைப்புகளுக்கும் இதே பார்வையை நீட்டினார். அகராதிக்கும் இலக்கணத்துக்கும் நடுவே சுவர் இல்லை என்பது இவர்கள் தரப்பு: ஒரு முனையில் "கம்பி நீட்டு", மறு முனையில் எழுவாய், பயனிலை, இடையில் நம் மழை.

எதிர்த்தரப்பு வாயடைத்துப்போகவில்லை. காலியிடம் உள்ள அச்சையும் அகராதியிலேயே பதியலாம், அதற்காக விதிகளைக் கைவிட வேண்டியதில்லை என்பது ஒரு பதில். ரே ஜாக்கெண்டாஃப் ஏறத்தாழ அந்த நடுவழியில்தான் நடந்தார். எதிர்த்தரப்பின் இன்னொரு கேள்வி கூர்மையானது: அச்சைப் பதிவு செய்வது விளக்கமாகிவிடுமா? "வராவிட்டாலும் வரவில்லை" ஏன் கூடாது என்றால், அச்சில் அப்படி இல்லை என்பது பதிலாகாது. நடந்த ஒன்றைத் தொடக்கப்புள்ளியாக்கி அதன் விளைவைச் சொல்வதே இதன் வேலை, நடக்காதது தொடக்கமாக முடியாது என்று நான் நினைக்கிறேன். ஆனால் அப்படி ஒரு காரணம் சொன்னவுடனேயே பொதுவிதியின் பக்கம் ஓரடி வைத்தவனாகிறேன். ஆலும் வரும் மூன்று இடங்களையும் மூன்று தனி அச்சாக எழுதிவிட்டு, அவற்றின் உறவைச் சொல்லாமல் விட்டால் அதுவும் குறைதான். கட்டமைப்பு இலக்கணத்தார் அச்சுகளைக் குடும்பமாக இணைத்து, மேலுள்ளதிலிருந்து கீழுள்ளது எதைப் பெறுகிறது என்று காட்ட முயல்கிறார்கள். நம் ஆலும் குடும்பத்துக்கு அந்த வரைபடத்தை யாராவது முழுமையாக எழுதினால் இதழில் இடம் தரக் காத்திருக்கிறேன்.

அதற்கு வாக்கியங்கள் வேண்டும். உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் இந்த இரண்டு அச்சும் எப்படி வருகின்றன என்று எழுதுங்கள். முக்கியமாக இரண்டு வினைகளுக்கும் நடுவே ஏதாவது ஒரு சொல் வந்து, அப்போதும் பொருள் நின்ற வாக்கியம் காதில் விழுந்திருந்தால், யார் யாரிடம் எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். ஒன்று கிடைத்தாலும் நான் மேலே எழுதிய சட்டம் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கும்; அந்தத் திருத்தத்தை இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்