பழைய போக்குவரத்து வழக்குகளும் மக்கள் நீதிமன்ற நாளும்: அபராதக் குறைப்புப் பற்றி எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கும் போக்குவரத்து வழக்குகளை, மக்கள் நீதிமன்றம் என்று நாம் வழங்கும் லோக் அதாலத்தின் ஒரு நாள் அமர்வில் சமரசமாக முடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை, சாலையைப் பயன்படுத்துவோரின் சங்கமாகிய நாங்கள் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். ஆயினும் அன்றைய தினம் அபராதம் குறைக்கப்படுவது அந்தந்த வழக்கின் தன்மையையும் ஆதாரத்தையும் ஆராய்ந்து நடைபெற வேண்டுமேயன்றி, இருசக்கர வாகனத்துக்கு இவ்வளவு, காருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பறைசாற்றப்படும் சதவீதத் தள்ளுபடியாக இருத்தல் தகாது என்பதே எங்கள் தீர்மானமான அபிப்பிராயம்.

இந்தக் குறைப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பொதுமக்கள் தெளிவாக அறிந்திருப்பது அவசியம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆவது பிரிவு, குறிப்பிட்ட சில குற்றங்களை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் பணம் கட்டி முடித்துக்கொள்ள அனுமதிக்கிறது. அந்தத் தொகையை நிர்ணயிப்பது மாநில அரசின் அறிவிக்கை. சாலையில் நிற்கும் அதிகாரிக்கு அதில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கும் அதிகாரம் கிடையாது. ஆகையால்தான் 2022 மார்ச்சில் தெலங்கானாவில் இருசக்கர வாகனங்களுக்கு 75 சதவீதமும், 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தில் நிலுவைச் சலான்களுக்கு 50 சதவீதமும் தள்ளுபடி வழங்கப்பட்டபோது, அவை அந்தந்த மாநில அரசுகளின் உத்தரவுகளாகவே பிறந்தன. மற்றொரு வழி, வழக்கு நீதிமன்றத்துக்கு வந்துவிட்ட பின், சட்டம் உச்சவரம்பை மாத்திரம் சொல்லியிருக்கும் இடங்களில், அந்த வரம்புக்குள் எவ்வளவு விதிக்கலாம் என்பதைத் தீர்மானிக்க நீதிபதிக்கு இருக்கும் சுதந்திரமாகும். 2019 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம் தொகைகளைப் பெருமளவு உயர்த்தியபோதிலும், இந்தச் சுதந்திரத்தை எல்லா இடங்களிலும் பறித்துவிடவில்லை.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒருவருடைய ஸ்கூட்டர்மீது நான்கு சலான்கள் நிலுவையில் இருப்பதாகக் கொள்வோம். முதலாவது, ஹெல்மெட் அணியாதது. 194-டி பிரிவு இதற்கு 1,000 ரூபாய் என்று நிலையான தொகையையே கூறுகிறது, ஆதலால் அரசின் தனி உத்தரவு இல்லாதவரை இதில் இரக்கம் காட்ட அமர்வுக்கு இடமில்லை. இரண்டாவது, புகைச் சான்றிதழ் இல்லாதது. 190(2) பிரிவு 10,000 ரூபாய் வரை என்று உச்சவரம்பை மட்டும் விதித்துக் கீழ்வரம்பு எதுவும் விதிக்காதபடியால், மறுநாளே வண்டியைச் சோதித்துச் சான்றிதழ் வாங்கியிருப்பவர் அதைக் காட்டினால், தொகையை வெகுவாகக் குறைப்பதற்கு முழு நியாயம் இருக்கிறது. மூன்றாவது, இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டியது. முதல் குற்றத்துக்கு 2,000 ரூபாய். ஆனால் அன்றைய தினத்தில் பாலிசி உயிரோடு இருந்து, தாளைக் காட்டாததுதான் தவறு என்றால், அது வேறு வகையான, மிகச் சிறிய குற்றமாகி விடுகிறது. ஆகவே பாலிசியின் நகலைக் கையோடு கொண்டுபோகாதவர் செய்யாத குற்றத்துக்குப் பணம் கட்டிவிட்டு வருவார். நான்காவது, சிவப்பு விளக்கைக் கடந்தது. இது 184-ஆவது பிரிவின்கீழ் அபாயகரமான ஓட்டுதலாகக் கருதப்படுவது. 200-ஆவது பிரிவோ 184-இல் கைபேசியைக் கையில் வைத்துப் பேசியவாறு ஓட்டியதை மட்டுமே சமரசத்துக்கு உரியதாக ஏற்கிறது. சமரசத்துக்கு உட்படாத குற்றங்களைப்பற்றி மக்கள் நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லையென்று 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 19-ஆவது பிரிவில் சொல்வதால், இந்தச் சலானை அந்த வரிசையில் நீட்டிப் பயனில்லை. இது வழக்கமான நீதிமன்றத்துக்கே போக வேண்டியது. குடித்துவிட்டு ஓட்டிய வழக்கும் அவ்வாறே. ஒரே மனிதருடைய நான்கு சலான்களுக்கு நான்கு விதமான முடிவுகள் வருகின்றன. ஒரே சதவீதத்தை எல்லாவற்றின்மீதும் போட்டுக் கழிக்கும் முறை, இந்த வித்தியாசங்கள் அனைத்தையும் ஒரே கோட்டில் அழித்துவிடுகிறது.

மக்கள் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் மன்றமன்று, தரப்பினர் எய்திய சமரசத்தைப் பதிவு செய்யும் மன்றமே என்று 2008-இல் பஞ்சாப் மாநிலம் எதிர் ஜலூர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. மக்கள் நீதிமன்றத்தின் முடிவுக்கு எதிராக மேல்முறையீடும் கிடையாது. ஆகவே அங்கே கையொப்பமிடுபவர் தாம் எதை ஒப்புக்கொள்கிறோம் என்பதை அறிந்து கையொப்பமிட வேண்டும். கேமரா வேறொரு வண்டியின் எண்ணைத் தவறாகப் படித்துத் தம்மீது சுமத்தியிருந்தால், பாதித் தொகைதானே என்று கட்டிவிடுவது குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். பின்னால் அதே குற்றம் மீண்டும் வருமானால் இரண்டாம் முறை என்ற அதிகத் தொகைக்கு அது வித்தாகவும் கூடும். அத்தகையவர் சமரசத்தை மறுத்தால் வழக்கு மூல நீதிமன்றத்துக்கே திரும்பும் என்பதை அமர்வின் முன்பே அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

சதவீதத் தள்ளுபடியை நாங்கள் எதிர்ப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. தெலங்கானாவில் 2022-இல் அளிக்கப்பட்ட சலுகைக்குப்பின், 2023 டிசம்பர் இறுதியில் இருசக்கர வாகனங்களுக்கு 80 சதவீதமாக உயர்ந்து மறுபடியும் ஒரு சலுகை வந்தது. சலான் வந்த வாரத்திலேயே முழுத் தொகையையும் கட்டிய ஒழுங்கான பிரஜை இதைக் கண்டு என்ன நினைப்பார்? அடுத்த முறை அவரும் காத்திருக்கவே கற்றுக்கொள்வார்; காத்திருப்பவர்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, நிலுவையும் பெருகி, அதைக் காரணங்காட்டி அடுத்த தள்ளுபடியும் வரும்.

நிலுவை ஏன் பெருகுகிறது என்பதிலும் கவனம் செல்ல வேண்டும். வேண்டுமென்றே கட்டாமல் இருப்பவர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வண்டியை விற்கப் போய்ப் பெயர் மாற்றம் கேட்கும்போதுதான் தம்மீது சலான் இருப்பதை அறிபவர்களும் நிரம்ப இருக்கின்றனர். கேமரா மூலம் பதிவாகும் குற்றத்துக்கு 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 167-ஏ கூறுகிறது. பழைய கைபேசி எண்ணுக்கும் பழைய முகவரிக்கும் போன அறிவிப்பை அறிவிப்பென்று கருதலாமா என்பதை அமர்வு கேட்டாக வேண்டும். மேலும், அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு ஆறு மாத காலவரம்பைக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வைத்திருந்தது. அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதையே தொடர்கிறது. ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் தாக்கலே ஆகாத சலானைப் பல ஆண்டுகளுக்குப் பின் சலுகை என்ற பெயரில் வசூலிப்பது சமரசமன்று, காலாவதியான உரிமையைப் பயன்படுத்திக்கொள்வதே ஆகும் என்று நாங்கள் கருதுகிறோம்.

ஆகவே சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் காவல்துறையையும் எங்கள் சங்கம் கேட்டுக்கொள்வது இதுதான். அமர்வு நாளுக்குப் பல வாரங்கள் முன்னதாகவே ஒவ்வொரு வழக்கின் பிரிவையும் தொகையையும், அது சமரசத்துக்கு உரியதா அன்றா என்பதையும், கேமரா படத்தையும் உரிமையாளர் பார்க்கும்படி செய்ய வேண்டும். காலவரம்பு கடந்தவற்றை அமர்வுக்குக் கொண்டுவராமலே முடித்துவிட வேண்டும். மீதமுள்ளவற்றில், குறையைச் சரிசெய்ததற்கான ஆதாரம் இருப்பவருக்குக் குறைப்பும், இல்லாதவருக்கு உரிய தொகையும் விதித்து, ஏன் குறைத்தோம் என்பதை ஒரு வரியிலேனும் உத்தரவில் எழுத வேண்டும். பணம் கட்டிய அன்றே ரசீதும் கொடுத்து, வாகனப் பதிவேட்டிலிருந்து அந்த நிலுவையை நீக்கித் தர வேண்டும்.