ஊர் மணத்தை விற்பவர்களிடம் ஒரு கேள்வி



முத்தாபுதுப்பேட்டையில் உள்ள நம் வீடுகளிலிருந்து அமெரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகள் போகும்போது, பெட்டியில் கடைசியாக இடம் பிடிப்பது சீரகச் சம்பா அரிசிதான். பாசுமதியில் சமைத்தால் அது நம் பிரியாணி ஆகாது என்பதை நாம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஏக்கத்தை நன்கு அறிந்த இறக்குமதி வணிகர்கள், தங்கள் கடைகளை ‘ஊர் மணம்’, ‘தாய்வீட்டுச் சுவை’ என்று அடையாளப்படுத்திக்கொள்கிறார்கள். அதை நாம் குறை சொல்லவில்லை. அந்த அடையாளத்துக்கு அவர்கள் எப்போது பொறுப்பேற்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

2023 ஜூலை 20 அன்று, உள்நாட்டு விலையேற்றத்தைக் காரணம் காட்டி, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்திய அரசு தடை விதித்தது. புழுங்கலரிசிக்கும் பாசுமதிக்கும் அத்தடை இல்லை. சோனா மசூரியோடு நம் சீரகச் சம்பா பச்சரிசியும் ‘மற்றவை’ என்ற அதே சுங்கப் பிரிவில் இருந்ததால், அதுவும் நின்றுபோனது. அடுத்த சில நாட்களில் அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் நீண்ட வரிசைகளை உலகம் பார்த்தது. சில கடைகள் குடும்பத்துக்கு ஒரு மூட்டை என்று வரையறுத்தன. சில கடைகள் விலையை உயர்த்தின.

விலை உயர்த்தியவர்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு: “பழைய விலைக்கு விற்றுவிட்டால், அடுத்த சரக்கைக் கூடுதல் விலை கொடுத்து எப்படி வாங்குவது?” வணிகத்தில் இது பொய்யான வாதமன்று. ஆனால் தடைசெய்யப்பட்ட அரிசிக்கு இது பொருந்துமா? எந்த விலை கொடுத்தாலும் அடுத்த சரக்கு வரப்போவதில்லை. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் அமெரிக்கா சேரவே வாரக்கணக்கில் ஆகும். ஆகவே ஜூலையில் கடையில் இருந்த மூட்டை, தடைக்கு முன்பே பழைய விலையில் வாங்கப்பட்டது. அதன்மீது ஏற்றிய தொகை அடக்கவிலையில் சேராது; வாடிக்கையாளரின் அச்சத்துக்கு வைத்த விலை அது.

புழுங்கலரிசியின் கதை வேறு. 2023 ஆகஸ்ட் 25 அன்று அதற்கு 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. புதிய சரக்குக்கு விலை கூடுவது நியாயமே. எவ்வளவு கூடலாம்? கடையில் 18 டாலருக்கு விற்கும் 9 கிலோ மூட்டையின் மதிப்பு, கப்பலேறும்போது 7 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வரி 1.40 டாலர். கப்பல் கூலிக்கும், கிடங்கு வாடகைக்கும், கடைக்காரர் இலாபத்துக்கும் அந்த வரி இல்லை. 20 சதவீத வரியைக் காட்டி 18 டாலரில் 20 சதவீதம், அதாவது 3.60 டாலர் ஏற்றியவர், மீதி 2.20 டாலருக்கு வேறு காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.

தட்டுப்பாட்டால் சந்தை விலை தானாக உயர்வதை மார்க்கம் குற்றமாக்கவில்லை. விலையை நிர்ணயித்துத் தருமாறு கேட்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டதை நாம் அறிவோம். அதே நபியவர்கள்தாம் பதுக்குபவனைப் பாவி என்றார்கள். இருப்பைப் பின்னறையில் வைத்துவிட்டு “தீர்ந்துவிட்டது” என்று சொல்லி, வாரம் கழித்து இருமடங்கு விலையில் எடுத்துத் தருபவர் இவ்விரண்டில் எதன்கீழ் வருகிறார் என்பதற்கு ஃபத்வா தேவையில்லை.

சீரகச் சம்பாவுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. இருபதடிக் கண்டெய்னர் ஒன்றில் ஏறத்தாழ 24 டன் அரிசி ஏறும். 9 கிலோ மூட்டைகளில் 2,600 வரை. ஒரு நகரின் தமிழ்க் குடும்பங்கள் அவ்வளவு சீரகச் சம்பாவை வண்டு விழுமுன் தின்று தீர்க்க முடியாது. எனவே அது புழுங்கலரிசி, உளுந்து, நல்லெண்ணெயோடு ஓர் ஓரத்தில்தான் பயணம் செய்யும். நெருக்கடி வந்தால் முதலில் கைவிடப்படுவதும் அந்த ஓரம்தான். அவ்விடத்தில் பாசுமதியை நிரப்பி “இதுவும் பிரியாணி அரிசிதானே” என்பவர், இந்தியர் அனைவருக்குமான கடை என்று பெயர் வைத்திருந்தால் நாம் வாய் திறந்திருக்க மாட்டோம். தமிழ் வீட்டின் கடை என்று சொல்லிக்கொண்டதால்தான் கேட்கிறோம்.

இதைவிடக் கொடியது, வேறொரு குட்டை அரிசியைச் சீரகச் சம்பா என்ற பெயரிலேயே கட்டித் தருவது. நம் வீட்டுப் பெண்களை இதில் ஏமாற்றுவது கடினம். பச்சையாகவே சீரகம்போல் சிறுத்து மெலிந்திருக்க வேண்டும். வெந்த பிறகு பாசுமதிபோல் நீளக் கூடாது. தம் உடைத்ததும் அரிசிக்கே உரிய மணம் மசாலாவைத் தாண்டி வர வேண்டும். மாற்று அரிசியை அதன் சொந்தப் பெயரில் விற்றால் யார் வேண்டாம் என்கிறார்கள்?

2024 செப்டம்பர் 28 அன்று தடை நீங்கியது. சீரகச் சம்பாவுக்கு மீண்டும் வழி திறந்தது. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள், கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்கட்டும்: அந்தப் பதினான்கு மாதங்களில், இருந்த மூட்டைகளை யாருக்கு, என்ன விலைக்குக் கொடுத்தீர்கள்?